கடைசிக் கிழமை: தியரிக்கு ஐந்து நாள், கணக்குக்கு ஒரு நாள் போதுமா?

மாங்குளம் பஸ் | ஓகஸ்ட் 16, சனி, இரவு 9.40

அடுத்த சனி காலை 9 மணிக்கு முகாமைத்துவக் கோட்பாடு. ஞாயிறு காலை 9 மணிக்கு முகாமைக் கணக்கீடு. இரண்டும் வவுனியாவில், இரண்டும் மூன்று மணி நேரம், நூறு புள்ளி. கிளிநொச்சியில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில்லும் இருப்புக் கொப்பியும் என் பொறுப்பு, காலை 8.30 இலிருந்து மாலை 6 வரை. மாங்குளத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன், ஒரு பக்கம் முக்கால் மணி நேரம். ஞாயிறு கடை பூட்டு. வெள்ளிக்கு லீவு கேட்டிருக்கிறேன். முதலாளி தலையை ஆட்டினார், அது ஓமா இல்லையா என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

நான் போட்ட நேரசூசி: நாளையிலிருந்து வியாழன் வரை தியரி மட்டும், ஏனென்றால் அதுதான் முதலில் வருகிறது, பாடமாக்கவும் நிறைய இருக்கிறது. வெள்ளி முழுநாளும் கணக்கு. சனி தியரி எழுதிவிட்டு வந்து இரவு வரை மறுபடி கணக்கு. கணக்கு எனக்கு ஓரளவு விளங்கும், விடையைப் பார்த்தால் "ஓ இதுதானே" என்று வரும். எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நெடுங்கேணி | ஓகஸ்ட் 16, இரவு 10.05

ஓட்டை ஒன்றும் இல்லை. முதலில் வருகிற பேப்பரை முதலில் படிப்பதுதான் முறை. நான் சொல்வது ஒன்றுதான், 3 மணிக்கு எழும்புங்கள், அந்த நேரம் மண்டையில் ஏறுவது போல் வேறு எந்த நேரமும் ஏறாது. கணக்கை வெள்ளி செய்யும்போது வகை வகையாகச் செய்யுங்கள். காலையில் பிரேக் ஈவன் பத்து, மத்தியானம் முதலீட்டுக் கணக்கு பத்து, பின்னேரம் பாதீடு. ஒரு வகையை அடித்து நொறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். நான் இப்படித்தான் பாஸ் பண்ணினேன்.

விசுவமடு அக்கா | ஓகஸ்ட் 16, இரவு 10.31

பிள்ளை, என்ர மகளும் கொமர்ஸ்தான், வருகிற ஏ.எல். அவளும் இதே மாதிரித்தான் கணக்கீட்டைக் கடைசிக்குத் தள்ளுகிறாள். போனை வாங்கி வையுங்கோ என்று உங்கட அம்மாவிடம் சொல்லுங்கோ. இரவு பால் குடித்துவிட்டுப் படித்தால் நித்திரை வராது என்று ஆரோ சொன்னார்கள், எங்கட வீட்டில் அது நேர்மாறாக நடக்கிறது. ஏ.எல். பிள்ளைகளுக்கும் இந்த நேரசூசி சரிவருமா?

பூநகரி | ஓகஸ்ட் 16, இரவு 10.40

அக்கா, அந்தப் பிள்ளை வேலைக்குப் போகிற பிள்ளை. போனை வாங்கி வைத்தால் முதலாளி எப்படிக் கூப்பிடுவார்.

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 17, ஞாயிறு, காலை 5.50

நான் பின்னேர வகுப்பில் இந்த இரண்டு பாடமும் எடுப்பவன், விடைத்தாளும் நிறையத் திருத்தியவன். தங்கச்சி, ஓட்டை இருக்கிறது, அதுவும் நடுவிலேயே இருக்கிறது. "விடையைப் பார்த்தால் விளங்கும்" என்ற வசனத்தை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். சோதனையில் விடை முன்னால் இருக்காது. விடையைப் பார்த்து விளங்குவது ஒரு வேலை, வெறும் தாளில் முதல் வரியை எழுதுவது இன்னொரு வேலை. இரண்டாவதுக்குத்தான் புள்ளி.

தியரி நாள் கேட்கும், கணக்கு ஒரே நாளில் முடியும் என்பது தலைகீழ். கடைசி இரவில் திருப்பிப் பார்த்த பயோலின் தத்துவங்கள் மறுநாள் காலை ஓரளவு கையில் இருக்கும். கணக்கு அப்படி இராது. பிழை விட்டு, ஏன் பிழை என்று கண்டுபிடித்து, ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு அதே கணக்கை மறுபடி செய்து பார்த்தால்தான் அந்தப் பிழை போகும். வெள்ளி மட்டும் செய்தால் வெள்ளி பிழை விடுவீர்கள், அதைத் திருத்திக்கொள்ள நாள் இருக்காது, ஞாயிறு அதே பிழையை மண்டபத்தில் விடுவீர்கள்.

ஆகவே இன்று தியரியைத் தொடவேண்டாம். கணக்கீட்டுக் கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து, காலை 9 முதல் 12 வரை, போனைத் தள்ளி வைத்துவிட்டு முழுதாகச் செய்யுங்கள். அதே நேரம்தான் அடுத்த ஞாயிறும். பிறகு புள்ளித்திட்டத்தை வைத்துத் திருத்துங்கள். எத்தனை புள்ளி வந்தது என்பது எனக்குத் தேவையில்லை, போன புள்ளி எப்படிப் போனது என்பதைத்தான் கேட்கிறேன். மூன்று கும்பமாகப் பிரியுங்கள்: எப்படித் தொடங்குவது என்றே தெரியாமல் போனவை, தொடங்கி நடுவில் வழி தவறிப் போனவை, எல்லாம் தெரிந்தும் கூட்டல் கழித்தலிலோ வினாவை அவசரமாக வாசித்ததிலோ போனவை. பின்னேரம் எழுதுங்கள், நேரசூசியை அதை வைத்துப் போடலாம்.

நெடுங்கேணி | ஓகஸ்ட் 17, காலை 8.15

ஒரு கிழமை இருக்கும்போது முழுப் பேப்பர் செய்து குறைந்த புள்ளி வந்தால் மனம் விழுந்துவிடும். எனக்கு இது பிடிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 17, காலை 8.20

வீட்டில் விழட்டும். மண்டபத்தில் விழுவதைவிட மலிவு.

மாங்குளம் பஸ் | ஓகஸ்ட் 17, மாலை 5.10

செய்தேன். 41. ஐந்து வினா, ஒவ்வொன்றும் 20 புள்ளி. முதலாவது பாதீட்டு வினாவை முடிக்க 70 நிமிடம் போய்விட்டது, ஐந்தாவதை வாசிக்கவே இல்லை. போன 59 புள்ளியையும் பிரித்தேன்: தொடங்கத் தெரியாமல் அல்லது தொடாமல் போனது 31, நடுவில் போனது 17, கவனக்குறைவு 11. உண்மையில் அந்த ஐந்தாவது வினா எனக்குத் தெரிந்த கணக்கு, பிறகு பார்த்தபோது வயிறு எரிந்தது.

பூநகரி | ஓகஸ்ட் 17, மாலை 5.25

70 நிமிடத்தில் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி போய்த் தேத்தண்ணியும் குடித்துவிடலாம். மடுத் திருவிழாக் கூட்டம் திரும்பி வருகிற நாள் என்றால் மட்டும் முடியாது.

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 17, இரவு 8.40

நல்லது, இப்போது பேசலாம். மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம், நூறு புள்ளி. ஒரு புள்ளிக்கு 1.8 நிமிடம், 20 புள்ளி வினாவுக்கு 36 நிமிடம். பாதீட்டு வினாவில் 70 நிமிடம் இருந்தபோது கடைசி 34 நிமிடத்துக்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்று பாருங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் இருக்கும். மீதி சமப்படாத ஒரு தொகையைத் தேடுவதில் போயிருக்கும். 36 ஆனதும் அந்த வினாவை விட்டுவிடுவதை இந்தக் கிழமை கை பழகவேண்டும், அது மனத்தால் தீர்மானித்து வருகிற விஷயம் இல்லை. அதனால் இனி எந்தக் கணக்கும் மணிக்கூடு இல்லாமல் செய்யவேண்டாம்.

இனி நாட்கள். திங்கள் முதல் வியாழன் வரை விடிய 4.45 முதல் 6.15 வரை கணக்கு. நெடுங்கேணித் தம்பியின் 3 மணி வேண்டாம், பகல் முழுக்கக் காசு எண்ணுகிற ஆள், பில்லில் பிழை விட்டால் அதுவும் உங்கள் தலையில்தான் விழும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு 20 புள்ளி வினா, 36 நிமிடத்துக்கு. மிச்ச நேரத்தில் பாதி அதைத் திருத்த, பாதி முன்னைய நாள் பிழைத்ததை வெறும் தாளில் மறுபடி செய்ய. ஒரு நாளைக்கு ஒரு வினாதானா என்று கேட்பீர்கள். ஒன்றைச் செய்து திருத்துவது மூன்றைச் செய்துவிட்டு விடையைப் பார்த்துத் தலையாட்டுவதை விட மேல். ஒவ்வொரு நாளும் வேறு வகை, எந்த நாள் எது என்று முன்கூட்டியே தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்து ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

தியரி பஸ்ஸிலும் இரவிலும். பஸ்ஸில் புத்தகம் திறக்க வேண்டாம், நின்றுகொண்டு வாசிக்க முடியாது, இருந்தால் நித்திரை வரும். காலை ஏறுமுன் ஒரு தலைப்பு மட்டும் பாருங்கள், ஏறிய பிறகு அதை நினைவிலிருந்து எடுங்கள், எடுபடாத இடத்தை மட்டும் இறங்கியதும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு 8.30 முதல் 10 வரை அந்த எடுபடாத இடங்களும், ஒரு வினாவுக்கு விடைச் சட்டகம் எழுதுவதும். 10 மணிக்குப் படுங்கள்.

வெள்ளி லீவு கிடைத்தால் காலையில் தியரிப் பேப்பர் ஒன்றைச் சட்டகமாக மட்டும் செய்யுங்கள், பின்னேரம் ஒரு கணக்கு, அவ்வளவுதான். சனி பின்னேரம் புதிதாக எதுவும் கிடையாது, கிழமை முழுக்கப் பிழைத்த கணக்குகளில் இரண்டு மூன்றை மட்டும் திருப்பிச் செய்து பார்த்தால் போதும்.

நெடுங்கேணி | ஓகஸ்ட் 18, திங்கள், இரவு 7.55

ஒவ்வொரு நாளும் வேறு வகை என்றால் ஒன்றிலும் கை படியாது அண்ணா. ஒரே வகையைப் பத்துத்தரம் செய்தால் பத்தாவது தானாக வருகிறது, அது என் அனுபவம்.

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 18, இரவு 9.10

பத்தாவது தானாக வரும், அதில் சந்தேகமே இல்லை. ஏன் வருகிறது என்று யோசியுங்கள். மேலே "பிரேக் ஈவன்" என்று தலைப்பு இருக்கிறது, முன்னால் ஒன்பது கணக்கு கிடக்கிறது, எந்த முறை என்று தேர்ந்தெடுக்கிற வேலையே உங்களுக்கு இல்லை. சோதனைத் தாளில் தலைப்பு இருக்காது. இந்தப் பிள்ளையின் பெரிய கும்பம் எது? தொடங்கத் தெரியாத 31. தம்பி சொல்கிற முறை அந்தக் கும்பத்தைத் தொடவே தொடாது.

இதை ரோரர், டெய்லர் என்ற இரண்டு பேர் சோதித்துப் பார்த்து 2007 இல் எழுதியிருக்கிறார்கள். கனவளவு காணும் நாலு வகைக் கணக்கு. ஒரு பகுதியினர் வகை வகையாகச் செய்தார்கள், மற்றவர்கள் கலந்து செய்தார்கள். பயிற்சியின்போது வகை வகையாகச் செய்தவர்கள் 89 சதவீதம், கலந்து செய்தவர்கள் 60. பார்த்தால் தம்பிதான் சரி. ஒரு கிழமை கழித்துச் சோதனை வைத்தபோது வகை வகையாகச் செய்தவர்கள் 20, கலந்தவர்கள் 63. அவர்கள் செய்தது எங்கள் பாடம் இல்லை, அதனால் அதே சதவீதம் இங்கேயும் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பின்னேர வகுப்பில் நான் பார்ப்பதும் அதே திசைதான்.

ஒன்று மட்டும் தம்பியுடன் ஒத்துப்போகிறேன். ஒரு வகை அடியோடு தெரியாது என்றால் முதலில் அதை மூன்று நாலு செய்துதான் ஆகவேண்டும். கலப்பதற்கு முதலில் பொருள் வேண்டுமே.

மாங்குளம் பஸ் | ஓகஸ்ட் 19, செவ்வாய், காலை 6.25

தங்கை எடுத்துத் தந்த கணக்கு: ஒரு மிக்சர் பக்கெட் விற்பனை விலை 250 ரூபா, மாறும் கிரயம் 150, வருட நிலையான கிரயம் 600,000, வரி 30 சதவீதம். வரிக்குப் பிறகு 210,000 இலாபம் வேண்டும் என்றால் எத்தனை பக்கெட் விற்கவேண்டும்? பங்களிப்பு 100, பிரேக் ஈவன் 6,000 பக்கெட், அதுவரை பிரச்சினை இல்லை. பிறகு 600,000 உடன் 210,000 ஐக் கூட்டி 100 ஆல் பிரித்தால் 8,100. வரியை எங்கே கொண்டுவருவது? பஸ் வருகிறது, ஓடுகிறேன்.

நெடுங்கேணி | ஓகஸ்ட் 19, காலை 7.02

வரியைச் சேர்க்க மறக்கக்கூடாது, அதுதான் இந்த வினாவின் பொறி. 210,000 உடன் 30 சதவீதத்தைக் கூட்டுங்கள், 273,000. நிலையான கிரயத்தோடு 873,000. விடை 8,730 பக்கெட்.

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 19, காலை 7.40

பொறி இருக்கிற இடத்தைத் தம்பி சரியாகப் பிடித்தார், ஆனால் கால் அதற்குள்ளேதான் கிடக்கிறது. வரி 30 சதவீதம் எதில்? வரிக்கு முந்திய இலாபத்தில். 210,000 என்பது வரி போக மிஞ்சிய 70 சதவீதம். அப்போது முழுசு 210,000 ஐ 0.7 ஆல் பிரித்தது, 300,000. நிலையான கிரயத்தோடு 900,000. விடை 9,000 பக்கெட்.

எது சரி என்று புள்ளித்திட்டம் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம், மண்டபத்திலும் அரை நிமிடத்தில் செய்யலாம். விடையை வைத்துப் பின்னால் நடவுங்கள். 9,000 பக்கெட், பங்களிப்பு 900,000, நிலையான கிரயம் போக 300,000, வரி 90,000, மிச்சம் 210,000. பொருந்துகிறது. 8,730 ஐ நடத்திப் பாருங்கள்: 273,000 இல் 81,900 வரி போய் 191,100 தான் மிஞ்சும். 8,100 இல் 147,000. இரண்டும் கேட்ட இடத்துக்கு வரவில்லை.

தங்கச்சி, இது உங்கள் இரண்டாவது கும்பத்துச் சாமான், தொடங்கி நடுவில் தவறுவது. கொப்பியில் "வரிக்கணக்கு பிழை" என்று எழுதவேண்டாம், அப்படி எழுதினால் சனிக்கிழமை பார்க்கும்போது ஒன்றும் விளங்காது. "வரிக்குப் பிந்தியது தந்தால் 0.7 ஆல் பிரி, பின்னால் நடந்து பார்" என்று எழுதுங்கள். வியாழன் விடிய அதே கணக்கை வெறும் தாளில், வரி 20 சதவீதம் என்று மாற்றிச் செய்யுங்கள்.

நெடுங்கேணி | ஓகஸ்ட் 19, பகல் 12.30

சரி. ஆனால் நான் பாஸ் பண்ணிய வருடம் வரியே கேட்கவில்லை.

விசுவமடு அக்கா | ஓகஸ்ட் 19, இரவு 8.15

மகளிடம் இந்த மிக்சர் கணக்கைக் கொடுத்தேன். 9,000 என்றாள். பிறகு மிக்சர் கேட்டாள்.

மாங்குளம் பஸ் | ஓகஸ்ட் 20, புதன், இரவு 9.20

கணக்கு இப்போது ஓடுகிறது, தியரிதான் பயமாக இருக்கிறது. பயோலின் 14 தத்துவத்தையும் வரிசையாகச் சொல்ல முடிகிறது, ஆனால் கட்டளை ஒருமையும் நெறிப்படுத்தல் ஒருமையும் ஒவ்வொரு தரமும் இடம் மாறுகின்றன. கணக்குக்கு விடியற்காலையைக் கொடுத்தது பிழையோ என்று ஒரு யோசனை. நாளைக்கு மாற்றவா?

பூநகரி | ஓகஸ்ட் 20, இரவு 9.35

இரண்டு முதலாளி இருந்தால் முதலாவது பிரச்சினை, ஒரே முதலாளிக்கு இரண்டு மனம் இருந்தால் இரண்டாவது.

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 20, இரவு 10.05

பூநகரி பகிடிக்குச் சொன்னாலும் அரைவாசி சரி. முதலாவது ஓர் ஆளைப் பற்றியது, ஒருவர் ஒருவரிடமிருந்து மட்டும் உத்தரவு வாங்கவேண்டும். இரண்டாவது ஒரு வேலைத் தொகுதியைப் பற்றியது, ஒரே நோக்கத்துக்கான வேலைகளுக்கு ஒரு தலைவரும் ஒரு திட்டமும். உங்கள் கடையில் இதற்கு உதாரணம் இல்லாமலா போகும்?

மாங்குளம் பஸ் | ஓகஸ்ட் 20, இரவு 10.12

தாராளமாக இருக்கிறது. முதலாளி கடன் பில் போடாதே என்பார், அவருடைய தம்பி பின்னால் வந்து "என்ர ஆள், போட்டுக் குடு" என்பார். பிறகு இரண்டு பேரும் என்னிடம்தான் கேட்பார்கள். அது கட்டளை ஒருமை. இரண்டாவது... பெயின்ற் வாங்குவது ஒருவர், விற்பதைப் பார்ப்பது இன்னொருவர், இரண்டு பேருக்கும் ஒரு திட்டமில்லை, அதனால் ஆரும் கேட்காத நிறம் ராக்கை முழுக்க.

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 20, இரவு 10.20

அதை அப்படியே எழுதுங்கள், கடையின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். திருத்துகிற ஆளாகச் சொல்கிறேன், 14 ஐயும் வரிசையாக ஒப்புவித்த தாள்கள் கட்டுக் கட்டாக வரும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வினாவில் ஒரு நிறுவனத்தின் கதையைத் தந்து எந்தத் தத்துவம் மீறப்பட்டது என்று கேட்டால் அந்த ஒப்புவிப்புக்கு அடிப்படைப் புள்ளிதான் விழும். மூன்று தத்துவத்தை எடுத்து, கதையில் எந்த இடத்தில் மீறப்பட்டது, அதனால் என்ன நடந்தது, என்ன மாற்றவேண்டும் என்று எழுதியவருக்கு மிச்சமும் விழும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு முழுநேர மாணவர்களை விட இங்கே ஒரு மேல்கை. ஹேர்ஸ்பேர்க்கை எடுங்கள். சம்பளம் ஊக்குவிக்கும் காரணி என்று எழுதிப் புள்ளியை விடாதவர்கள் குறைவு. அவர் கணக்கில் சம்பளம் சுகாதாரக் காரணி, குறைந்தால் அதிருப்தி வரும், கூடினால் அதிருப்தி போகும், அவ்வளவுதான். சம்பளம் கூட்டிய மாதத்துக்கு அடுத்த மாதம் கடையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள், பாடமாக்கத் தேவை இருக்காது.

விடியற்காலையை மாற்றவேண்டாம். தியரிக்கு நாள் முழுக்க உங்களைச் சுற்றி உதாரணம் நடமாடுகிறது. கணக்குக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தை விட்டால் வேறு இடமில்லை.

நெடுங்கேணி | ஓகஸ்ட் 20, இரவு 10.41

சம்பளம் ஊக்குவிக்காது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஹேர்ஸ்பேர்க் கேட்டது பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும். எங்கட பக்கம் நாட்கூலிக்குப் போகிறவனைக் கேட்டுவிட்டு எழுதட்டும்.

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 20, இரவு 10.50

தம்பி, இது நல்ல விமர்சனம், விமர்சிக்கச் சொல்லும் வினாவில் இதையே எழுதலாம். ஆனால் முதலில் அவர் சொன்னதை எழுதிவிட்டுப் பிறகு. சண்டையை முதல் பந்தியில் தொடங்கினால் திருத்துபவர் உங்களுக்குக் கோட்பாடு தெரியாது என்று முடிவுகட்டிவிடுவார்.

மாங்குளம் பஸ் | ஓகஸ்ட் 21, வியாழன், இரவு 9.50

இன்று லொறி வந்தது, சீமெந்து இறக்கிக் கணக்கெடுத்து, வீடு வர 8.40. கண் தானாக மூடுகிறது. வரி 20 சதவீதக் கணக்கு விடியச் சரியாக வந்தது, அது ஒன்றுதான் ஆறுதல். இப்போது விடைச் சட்டகமும் எழுத முடியாது போல. படுக்கவா, இழுத்துப் பிடிக்கவா?

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 21, இரவு 9.58

இருபது நிமிடம் மட்டும். ஏதாவது இரண்டு வினாத்தாள்களை எடுத்துக் கணக்கு வினாக்களை வாசியுங்கள். எதையும் செய்யவேண்டாம், கல்குலேட்டரைத் தொடவேண்டாம். ஒவ்வொன்றுக்கும் முதல் வரியை மட்டும் எழுதுங்கள்: இது எந்தக் கணக்கு, முதலில் எதைக் காணவேண்டும், தந்த எண்களில் எது தேவையில்லாதது. களைத்த மண்டையால் கூட்டல் செய்தால் பிழைதான் வரும், ஆனால் இந்த அளவு முடியும். உங்கள் 31 புள்ளிக் கும்பம் இதில்தான் கரையும்.

உதாரணம், சீமெந்து இறக்கிய கையோடு. மாதத் தேவை 300 பை, ஒரு ஓடருக்குச் செலவு 2,000, ஒரு பையை ஒரு வருடம் வைத்திருக்க 40 ரூபா, எத்தனை பையாக ஓடர் பண்ணவேண்டும்? முதல் வரி சூத்திரம் அல்ல. முதல் வரி "தேவையை வருடமாக்கு, 3,600". அதை எழுதினவருக்கு √(2 × 3600 × 2000 ÷ 40), அதாவது 600 பை வரும். 300 ஐ அப்படியே போட்டவருக்கு 173 என்று ஒரு அழகான எண் வரும், சந்தேகமும் வராது. வகுப்பில் இந்த 173 ஐ எத்தனையோ தரம் திருத்தியிருக்கிறேன்.

முதலீட்டுக் கணக்கு வந்தால் முதல் வரி "தந்த செலவுக்குள் பெறுமானத் தேய்வு இருக்கிறதா? இருந்தால் நீக்கு", ஏனென்றால் அது கையிலிருந்து போகிற காசு இல்லை. இப்படி ஒவ்வொரு வகைக்கும் ஒரு முதல் வரி. எழுதிவிட்டுப் படுங்கள்.

பூநகரி | ஓகஸ்ட் 21, இரவு 10.15

600 பையை மாரியில் வாங்கி அடுக்கினால் பாதி கல்லாகிவிடும் அண்ணா, அதற்குச் சூத்திரத்தில் இடம் உண்டா?

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 21, இரவு 10.22

வைத்திருக்கும் செலவுக்குள் பழுதாவதையும் போட வேண்டும், அப்போது 40 ரூபா கூடி 600 குறையும். ஆனால் வருடம் முழுக்க ஒரே வேகத்தில் விற்கும் என்ற அனுமானத்தைச் சூத்திரம் விடாது, எங்கள் பக்கம் சீமெந்து அப்படி விற்காது. வினாவில் "வரையறைகளைக் கூறுக" என்று வந்தால் இதை எழுதுங்கள்.

மாங்குளம் பஸ் | ஓகஸ்ட் 22, வெள்ளி, பகல் 1.45

தலையாட்டலின் அர்த்தம் தெரிந்துவிட்டது. நேற்று வந்த லொறிக்கு இருப்புக் கொப்பி சரியில்லை என்று காலையில் போன் வந்தது, 12 மணி வரை கடையில்தான். அரை லீவு. வெள்ளிக்கு நீங்கள் சொன்னது தியரிச் சட்டகமும் ஒரு கணக்கும். இரண்டுக்கும் நேரம் இல்லை, எதை விடுவது?

நெடுங்கேணி | ஓகஸ்ட் 22, பகல் 1.58

நாளைக்குத் தியரி. கணக்கை விடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 22, பகல் 2.30

தம்பி சொல்வதுதான் சரி, இன்று கணக்கை விடுங்கள். நாலு நாள் செய்த கை ஒரு நாளில் மறக்காது. சட்டகமும் முழுப் பேப்பருக்கு வேண்டாம், உங்களுக்கு எடுபடாமல் போன தலைப்புகளுக்கு மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஆறேழு சொல், ஒரு கடை உதாரணம், அதோடு நிறுத்துங்கள். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் இப்போதே பையில் வையுங்கள், கல்குலேட்டர் எந்த வகை அனுமதி என்று அட்டையின் பின்பக்கத்தில் பாருங்கள். நாளைக்கு முதல் பஸ்ஸை நம்பி இருக்கவேண்டாம், அதற்கு முந்தியதை நம்புங்கள்.

பூநகரி | ஓகஸ்ட் 22, பகல் 2.41

முதல் பஸ்ஸுக்கு முந்தியது எது அண்ணா?

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 22, பகல் 2.44

அயலவரின் மோட்டார் சைக்கிள்.

மாங்குளம் பஸ் | ஓகஸ்ட் 23, சனி, மாலை 4.20

தியரி முடிந்தது. நிறுவனக் கதை வந்தது, இரண்டு பங்குதாரர்கள் மாறி மாறி உத்தரவு போடுகிறார்கள். எழுதும்போது கடன் பில் கண்ணுக்குள் வந்தது, பெயர்களை மாற்றியதுதான் என் வேலை. மாஸ்லோவையும் ஹேர்ஸ்பேர்க்கையும் ஒப்பிடும் வினா ஒன்று, அது நடுத்தரம். ஒரு வினாவில் நேரம் கூடப் போகப் பார்த்தது, 36 இல் விட்டுவிட்டு வந்தேன், கடைசியில் திரும்பிப் போக நேரமும் இருந்தது. இப்போது பிழைக் கொப்பி மட்டும். வரிக்கணக்கும், பெறுமானத் தேய்வு கலந்த முதலீட்டுக் கணக்கும் செய்தேன். பாதீடு இன்னும் தொடவில்லை, அந்த 70 நிமிடம் ஞாபகம் வருகிறது.

கணக்குப்பிள்ளை | ஓகஸ்ட் 23, மாலை 5.05

பாதீட்டை முழுதாகச் செய்யாதீர்கள். காசுப் பாதீட்டின் சட்டத்தை மட்டும் போடுங்கள்: மாதங்கள் மேலே, வரவு, செலவு, ஆரம்ப மீதி, இறுதி மீதி. கடன் விற்பனையில் எந்த மாதக் காசு எந்த மாதம் வருகிறது என்ற வரிசையை மட்டும் எண்களால் நிரப்புங்கள், புள்ளி அதிகம் போவது அங்கேதான். நாளைக்கு இறுதி மீதி உதைத்தால் தேடவேண்டாம், வேலைக்குறிப்புக்குப் புள்ளி உண்டு, ஒரு எண் பிழைத்தால் அந்த எண்ணின் புள்ளிதான் போகும்.

நாளைக்கு எந்த வினாவை முதலில் செய்வது என்பதில் நானும் நெடுங்கேணியும் நேற்று போனில் பிடித்த சண்டை இன்னும் முடியவில்லை. நான் தெரிந்ததை முதலில் என்கிறேன்.

நெடுங்கேணி | ஓகஸ்ட் 23, மாலை 5.20

பெரியதை முதலில். தெரிந்ததை முதலில் செய்தால் அழகாக எழுதுகிறேன் என்று 50 நிமிடம் எடுப்பார்கள்.

மாங்குளம் பஸ் | ஓகஸ்ட் 24, ஞாயிறு, பகல் 1.35

வவுனியா பஸ் நிலையத்திலிருந்து. ஐந்து வினாவும் தொட்டேன். பிரேக் ஈவன் வந்தது, வரி 24 சதவீதம், 0.76 ஆல் பிரித்துப் பின்னால் நடந்து பார்த்தேன், பொருந்தியது. பாதீட்டில் இறுதி மீதி சமப்படவில்லை, 36 இல் எழும்பி வந்துவிட்டேன். நெடுங்கேணி அண்ணா சொன்னபடி பெரியதை முதலில் தொடங்கவில்லை, கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னபடி தெரிந்ததை முதலில் செய்தேன், அதற்கு 44 நிமிடம் எடுத்தது. இரண்டு பேரும் சரி போல இருக்கிறது.

விசுவமடு அக்கா | ஓகஸ்ட் 24, பகல் 2.10

பிள்ளை, அந்தப் பிழைக் கொப்பியைப் படம் எடுத்துப் போடுங்கோ. மகளுக்குக் காட்டவேண்டும். ஏ.எல். பிள்ளைகளுக்கு இந்த நேரசூசி சரிவருமா என்று கேட்டு எட்டு நாளாகிறது, அதில் வரி கேட்பார்களா என்றும் ஆராவது சொல்லுங்கோ.